படத்தில் மெடல் மிதக்கிறதா? கோட்டில் பதக்கம் சேர்க்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

வெலிங்டன், குன்னூர், அருவங்காடு பக்கம் போட்டோ ரீடச் செய்கிறவர்களுக்கு இந்த வேலை அடிக்கடி வரும். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் காலமாகியிருப்பார். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல படம், ஏதோ கல்யாணத்தில் கோட் போட்டு நின்றபோது எடுத்தது. மெடல்கள் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். "அப்பா நெஞ்சுல இதைக் குத்தின மாதிரி ஒரு படம் வேணும், பதினாறாம் நாளுக்குள்ள" என்று கேட்பார்கள்.

மெடலைப் படம் எடுத்து, வெட்டி, கோட்டின் மேல் வைப்பது பத்து நிமிட வேலை. அப்படி வைத்த படத்தைப் பார்த்ததும் வீட்டார் முகம் சுருங்கும். என்ன தப்பு என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, "ஒட்டின மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் பல தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதன் அறிகுறியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கோளாறு மெடலில் இருக்காது, அதற்கு அடியில் இருக்கும் துணியில்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரே படத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். கருநீலக் கம்பளிக் கோட். மண்டப வாசலில், மூடுபனி இறங்கிய பகல் நேரத்தில் எடுத்தது. சேர்க்க வேண்டியவை நான்கு மெடல்கள்: பூர்வி ஸ்டார், சங்க்ராம் மெடல், 25ஆம் சுதந்திர ஆண்டு மெடல், ஒன்பது வருட சேவை மெடல். நான்கும் ஒரே பித்தளைப் பட்டையில் கோர்த்து, தனித்தனியாக ஆடும்படி தொங்குகின்றன. மெனுப் பெயர்கள் போட்டோஷாப்பில் இருப்பவை.

## அறிகுறி 1: மெடல் தட்டு மாதிரி பெரிதாக, அல்லது பட்டன் மாதிரி சிறிதாகத் தெரிகிறது

இதை முதலில் பாருங்கள். அளவு தப்பாக இருந்தால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை.

பெரும்பாலும் காரணம் கண்மதிப்பில் வைத்ததுதான். மெடல் நன்றாகத் தெரியட்டும் என்று கை தானாகவே பெரிதாக்கிவிடும். ஆனால் அளந்து வைக்க முடியும். மெடல் ரிப்பன் பொதுவாக 32 மி.மீ. அகலம். வட்ட மெடல்கள் 35, 36 மி.மீ. விட்டம். கையில் மெடல் இருக்கும்போது ஸ்கேலை வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். இனி படத்துக்குள் ஓர் அளவுகோல் வேண்டும். நேராகப் பார்க்கும் முகம் என்றால் இரண்டு கருவிழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ. இருக்கும்.

நம் படத்தில் அந்தத் தூரம் 380 பிக்சல். 380ஐ 63ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 6 பிக்சல். ஆக ரிப்பன் அகலம் 192 பிக்சல், வட்ட மெடல் 210 பிக்சல் சுற்றி வர வேண்டும். நான்கு மெடல்களும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்பதால் பட்டையின் மொத்த நீளம் 10 செ.மீ. அதாவது 600 பிக்சல்.

முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் கண் தூரம் சுருங்கிவிடும், இந்தக் கணக்கு உதவாது. அப்போது அந்தக் கோட் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். நீலகிரியில் பழைய கோட்டை யாரும் எளிதில் தூக்கிப்போட மாட்டார்கள், குளிருக்கு மகனாவது பேரனாவது போட்டுக்கொண்டிருப்பார். அதன் பட்டனை அளந்தால் போதும்.

## அறிகுறி 2: மெடல் காற்றில் மிதக்கிறது

நிழல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? அப்படியானால் Drop Shadow போட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். அது மெடலின் உருவத்தை அப்படியே நகலெடுத்து, ஒரே தூரம் தள்ளி, ஒரே மாதிரி மங்கலாக்கும். நிஜ மெடலில் அப்படி நடக்காது. பட்டை துணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அங்கே இடைவெளியே இல்லை. ரிப்பன் இறங்க இறங்கத் துணியிலிருந்து விலகுகிறது. மெடலின் கீழ் விளிம்பில்தான் இடைவெளி அதிகம். எனவே நிழல் மேலே ஒல்லியாக, கருப்பாக, கூர்மையாக இருக்கும். கீழே வர வர அகலமாகி, வெளிறி, விளிம்பு கரையும்.

இதற்கு Drop Shadow-வை அணைத்துவிட்டு இரண்டு லேயர்கள் போடுங்கள், இரண்டும் Multiply. முதலாவது தொடு நிழல். பட்டையின் கீழ் விளிம்பை ஒட்டியும் ரிப்பன்களின் ஓரத்திலும் அரை மில்லிமீட்டர், அதாவது 3 பிக்சல் அகலத்தில் ஒரு கோடு. அதன் அடர்த்தி 60 முதல் 70 சதவீதம். இரண்டாவது விழு நிழல். மெடல் வட்டங்களுக்குக் கீழே மட்டும், 15 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, 30 சதவீதத்தைத் தாண்டாமல். இரண்டில் தொடு நிழல்தான் மெடலைத் தரையிறக்குகிறது. அவசரமாக முடிக்க வேண்டியிருந்தால் விழு நிழலைக்கூட விட்டுவிடலாம், தொடு நிழலை விடக் கூடாது.

நிழல் கருப்பு மையில் வரைந்த மாதிரி இருக்கிறதா? நிழலுக்குத் தூய கருப்பைப் பயன்படுத்தியிருப்பீர்கள். கோட்டின் காலருக்கு அடியில் இருக்கும் இருட்டிலிருந்து நிறத்தை எடுங்கள். நம் கோட்டில் அது கருமை கலந்த நீலம். அந்தப் படத்தின் நிழல்கள் எல்லாம் அந்த நிறத்தில்தான் இருக்கின்றன, புதிதாக வரும் நிழலும் அதே நிறத்தில்தான் இருக்க வேண்டும்.

நிறமும் வடிவமும் சரியாக இருந்தும் மிதக்கிறதா? ஒளியின் திசையைப் பாருங்கள். மூக்குக்கு அடியில், தாடைக்கு அடியில், காலர் மடிப்பில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? நம் படம் மூடுபனியில் எடுத்தது. பனி வானம் முழுவதும் ஒரே விளக்காக இருப்பதால் ஒளி மேலிருந்து, எல்லாப் பக்கமும் பரவி வருகிறது. நிழல் நேர் கீழே, மிக மென்மையாக விழும். அந்தப் படத்தில் வலது பக்கம் சாய்ந்த கூர்மையான நிழல் வைத்தால் எத்தனை முறை திருத்தினாலும் ஒட்டாது. ஃப்ளாஷை நேராக அடித்து எடுத்த படமாக இருந்தால் எதிர்மாறு: அங்கே கூர்மையான நிழல்தான் சரி.

இதுவும் சரியென்றால் கோளாறு மெடலை எடுத்த படத்தில் இருக்கிறது. கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனாலும் மறுபடி எடுத்துவிடுவதே நல்லது. மேசையில் படுக்க வைத்து போன் ஃப்ளாஷ் போட்டு எடுத்த மெடலில் இரண்டு தவறு நிரந்தரமாகப் பதிந்திருக்கும். ரிப்பன் தட்டையாகக் கிடக்கும், உலோகத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். மெடலைப் பட்டையோடு தொங்கவிட்டு எடுங்கள். பின்னால் கோட்டின் நிறத்தில் ஒரு கம்பளித் துணி கட்டுங்கள். பளபளப்பான உலோகம் சுற்றியுள்ள நிறத்தை வாங்கிக்கொள்ளும், வெள்ளைச் சுவரின் முன் எடுத்த மெடலின் விளிம்பில் அந்த வெள்ளை அப்படியே நிற்கும். பனி மூடிய காலையில் ஜன்னல் ஓரம் இதற்குப் போதும். போனை ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் நடு மெடல் புடைத்துக்கொள்ளும்.

## அறிகுறி 3: ஒட்டியிருக்கிறது, ஆனால் கனமே இல்லை

மிதப்பதைச் சரிசெய்த பிறகு பலருக்கு இதுதான் மிஞ்சும். காகிதத்தில் அச்சடித்து ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி தெரியும். ஒரு மெடல் சுமார் 30 கிராம். நான்கும் பட்டையும் சேர்ந்தால் நூறு கிராமைத் தாண்டிவிடும். அவ்வளவு கனம் இரண்டு இடத்தில் குத்திய ஊசியில் தொங்கும்போது துணி சும்மா இருக்காது.

முதலில் மெடல் செங்குத்தாகத் தொங்குகிறதா என்று சோதியுங்கள். இது செலவில்லாத வேலை. படத்தில் இருக்கும் கதவு நிலையையோ தூணையோ வைத்துச் செங்குத்துக் கோடு ஒன்று போடுங்கள். ஆடும்படி கோர்த்த மெடல் என்றால் ஒவ்வொரு மெடலும் அந்தக் கோட்டுக்கு இணையாகத்தான் தொங்க வேண்டும். பட்டை மட்டும் கோட் துணியோடு சேர்ந்து சாயும். நம் ஆள் இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்கிறார். பட்டை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மெடல்கள் சாயவில்லை. மொத்தத்தையும் ஒரே படமாகச் சுழற்றி வைத்தால் இந்த வித்தியாசம் காணாமல் போய், கனமும் கூடவே போய்விடும். அட்டையில் தைத்து இறுக்கிய கோர்ட் மவுண்ட் மெடல் என்றால் நிலைமை வேறு. அவை ஆடாது, பட்டை சாய்ந்தால் அவையும் சேர்ந்தே சாயும். கையில் வந்தது எந்த வகை என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

அடுத்து, துணி இறங்கியிருக்கிறதா? வெறும் கோட்டின் மேல் மெடலை வைத்திருக்கிறீர்கள், கோட்டுக்கு அது தெரியவே இல்லை. உள்துணி வைத்துத் தைத்த கம்பளிக் கோட்டில் இழுப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மெல்லிய சட்டையில் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். ஸ்வெட்டர் என்றால் பின்னலே நீண்டு தொங்கும். நம் படத்தில் 2 மி.மீ. என்று வைத்தால் 12 பிக்சல். மெடல் லேயரை மறைத்துவிட்டு, கோட் லேயரின் நகலில் Liquify திறந்து, பட்டை நீளத்தைவிடப் பெரிய பிரஷ் எடுத்து, ஊசி குத்தும் இரண்டு இடத்திலும் மெதுவாகக் கீழே தள்ளுங்கள். சின்ன பிரஷ் வேண்டாம், துணி குழிந்தது போல ஆகிவிடும். முடிந்ததும் நெஞ்சுப் பையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். நேராக இருந்த அந்தக் கோடு இப்போது மிக லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும். கட்டம் போட்ட துணி என்றால் கட்டங்களும் வளைந்திருக்க வேண்டும். பார்ப்பவர் கண் அதைத் தனியாகக் கவனிக்காது, ஆனால் மெடல் கனமாக இருக்கிறது என்று அதை வைத்துத்தான் நம்பும்.

துணி இறங்கியும் போதவில்லையா? இழுப்பு மடிப்புகள் இல்லை. ஊசி குத்திய இரண்டு புள்ளியிலிருந்தும் தோளை நோக்கி மெல்லிய மடிப்புகள் விரியும். பட்டைக்கு மேலே துணி விறைப்பு, கீழே தளர்வு. 50 சதவீதச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் போட்டு Soft Light வையுங்கள். அதில் மடிப்பின் ஒளி படும் பக்கத்தை வெளுக்கவும், மறுபக்கத்தைக் கருக்கவும் செய்யுங்கள். கம்பளியில் புள்ளிக்கு இரண்டு மடிப்பு போதும், ஒவ்வொன்றும் நான்கைந்து செ.மீ. நீளத்தில் கரைந்துவிட வேண்டும். வரைந்த பிறகு அந்த லேயரின் அடர்த்தியைப் பாதியாகக் குறையுங்கள். வரைகிறவர் கண்ணுக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் தோன்றும்.

மெல்லிய சட்டையில் மட்டும் வரும் கோளாறு ஒன்று. கனம் துணிக்கு முன்னால் தொங்குவதால் பட்டையின் மேல் விளிம்பு உடம்பை விட்டு முன்னால் சாயும். மெடலின் முகம் கொஞ்சம் தரையைப் பார்க்கும். அப்போது அது வானத்தின் ஒளியை அல்ல, தரையின் இருட்டைத்தான் பிரதிபலிக்கும். மெடலின் உயரத்தை இரண்டு மூன்று சதவீதம் சுருக்கி, Curves-ல் ஒரு படி இருட்டாக்குங்கள். ஊசி குத்திய வட்ட பேட்ஜுக்கும் இதே விதி. ஒற்றை ஊசியில் நிற்கும் பேட்ஜ் சட்டையில் நிமிர்ந்து நிற்பதே இல்லை, கீழே பார்க்கும், ஒரு பக்கம் லேசாகத் திரும்பவும் செய்யும். மெடல் இல்லாமல் ரிப்பன் பட்டை மட்டும் என்றால் கனம் குறைவு. அங்கே இழுப்பு வேண்டாம், தொடு நிழல் ஒன்றே போதும்.

## அறிகுறி 4: மெடல் மட்டும் வேறு காமிராவில் எடுத்தது போல இருக்கிறது

உண்மையில் வேறு காமிராதான், அதை மறைக்க வேண்டும். கோட் பழைய பிரிண்டிலிருந்து ஸ்கேன் ஆனது, சொரசொரப்பாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். மெடல் புதிய போனில் எடுத்தது, எழுத்து படிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் கோட் பட்டனின் விளிம்பையும் மெடலின் விளிம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டன் எவ்வளவு மங்கலோ அவ்வளவுக்கு மெடலையும் மங்கலாக்குங்கள், பிறகு Add Noise-ல் Monochromatic போட்டு 2, 3 சதவீதம். வீட்டார் மெடலின் எழுத்து தெரியட்டும் என்று கேட்பார்கள். முகத்தைவிட மெடல் கூர்மையாக இருந்தால் பார்வை முகத்துக்குப் போகாது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

கருப்பு வெள்ளைப் படமாக இருந்தால் ரிப்பனைச் சும்மா நிறம் நீக்கிச் சேர்க்காதீர்கள். மிகப் பழைய படங்களில் சிவப்பை உணராத ஃபிலிம் இருந்திருக்கும். அதில் சிவப்பு ஏறக்குறைய கருப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். உதடு வழக்கத்தைவிடக் கருத்துத் தெரிந்தால் அந்த ஃபிலிமாக இருக்கலாம். Black & White அமைப்பில் Reds-ஐ இறக்கி Blues-ஐ ஏற்றுங்கள்.

## அறிகுறி 5: வீட்டார் பாராட்டினார்கள், ராணுவத்துக்காரர் முகம் சுளித்தார்

நிழலும் இழுப்பும் கச்சிதமாக இருந்தும் இது நடக்கும்.

பக்கம்: மெடல் அணிபவரின் இடது மார்பில், அதாவது பார்ப்பவருக்கு வலது பக்கம். படமே கண்ணாடி போலத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், பழைய நெகட்டிவ்களில் இது சகஜம். ஆண்கள் கோட்டில் இடது பக்கத் துணிதான் மேலே ஏறி நிற்கும், நெஞ்சுப் பையும் இடது பக்கம்தான். இரண்டும் மாறியிருந்தால் முதலில் படத்தைத் திருப்புங்கள்.

வரிசை: மதிப்பில் உயர்ந்தது நெஞ்சின் நடுவை ஒட்டி வரும். மெடல்கள் ஏறி நிற்கும்போது நடுவில் இருப்பது முழுதாகத் தெரிந்து, அடுத்ததைக் கொஞ்சம் மறைக்கும். நம் உதாரணத்தில் பூர்வி ஸ்டார், சங்க்ராம், 25ஆம் ஆண்டு, ஒன்பது வருடம் என்று நடுவிலிருந்து வெளியே போகும். ஸ்டார், வட்டம் என்று வடிவம் மாறினாலும் கீழ் விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

எந்த மெடல் என்பதில் சந்தேகம் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். "இன்னொண்ணு இருந்துச்சு, தொலஞ்சு போச்சு, அதையும் போடுங்க" என்று நெஞ்சம் நெகிழ்ந்து கேட்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அதன் பெயர் இருந்தால் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கோ, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வாங்காத ஒன்றை அவர் மார்பில் வைப்பது, வாங்கிய நான்கையும் சந்தேகத்துக்கு இடமாக்கிவிடும்.

## எப்போது வேறு ஆளிடம் கொடுப்பது

கை மார்புக்குக் குறுக்கே இருந்தாலோ, சால்வையோ மாலையோ பட்டையின் மேல் விழுந்தாலோ வேலை வேறு தரத்துக்குப் போய்விடும். மாலைப் பூக்களின் இடுக்கில் மெடல் தெரிய வேண்டும், பூவின் நிழல் மெடலின் மேலும் மெடலின் நிழல் கோட்டின் மேலும் விழ வேண்டும். கோயம்புத்தூரில் முழுநேரமாக ரீடச் மட்டும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்புவது நேரத்துக்கும் பணத்துக்கும் நல்லது. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப்போகும் படத்துக்கும் அதே பதில். போஸ்ட்கார்ட் அளவில் மறையும் தொடு நிழல் பிழை அங்கே பளிச்சென்று தெரியும்.

அனுப்புவதற்கு முன் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. கோட் வீட்டில் இருந்தால், தகப்பனார் உடல்வாகுள்ள மகனுக்கு அதைப் போட்டுவிட்டு, நிஜ மெடலை நிஜ ஊசியில் குத்தி, மூடுபனி இறங்கும் நேரத்தில் வாசலில் அதே கோணத்தில் நிறுத்தி எடுத்துவிடலாம். தோள் முதல் நெஞ்சுப் பை வரை மட்டும் வெட்டி அந்தப் பழைய படத்தில் சேர்க்கலாம். இழுப்பு, மடிப்பு, நிழல் எல்லாம் நிஜமாகவே விழுந்திருக்கும். மிச்சம் இருப்பது விளிம்பை இணைப்பதும் சொரசொரப்பைப் பொருத்துவதும்தான். இணைப்பு விளிம்பைத் துணியின் நடுவில் ஓட விடாமல் காலர் மடிப்பிலும் கை தைத்த தையலிலும் ஓட விடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த கோட்டில் மடித்து வைத்த தடம் இருக்கும், அதற்கு முந்தின நாளே ஈரத் துணி விரித்து இஸ்திரி போட்டுவிடச் சொல்லுங்கள்.